101/198-க்கு முன் உரு எங்கே?

பத்தாம் வகுப்புக் கணக்கில் சார்புகள் பாடம் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும்: கொடுக்கப்பட்ட சார்பு ஒன்றுக்கு ஒன்றானதா? மேல் சார்பா? இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், முதலாவது உறுதியானால் இரண்டாவது தானாக வந்துவிடாது. 1877 ஜூனில், எழுதிய நிரூபணம் கையில் இருந்தும், பெரிய கணித மேதை ஒருவர் இந்த இடத்தில்தான் இடறினார்.

அதற்கு முன்பு இந்தக் கேள்விகளுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. 1748-இல் ஆய்லர் எழுதிய நூலில் சார்பு என்றால் மாறியையும் மாறிலிகளையும் வைத்து எழுதும் ஒரு கோவை, அவ்வளவுதான். கோவை கையில் இருந்தால் சார்பும் கையில் இருக்கிறது. எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணத்துக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. 1829-இல் டிரிஷ்லே வேறு மாதிரி ஒரு சார்பைக் காட்டினார். விகிதமுறு எண்ணுக்கு ஒரு மதிப்பு, விகிதமுறா எண்ணுக்கு இன்னொரு மதிப்பு. வழக்கமான கோவை எதையும் நம்பாமல், எதற்கு எது என்று சொன்னாலே சார்பு ஆகிவிடுகிறது. அப்படியானால் எங்கிருந்து எங்கே என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த ஜார்ஜ் கேன்டருக்கு 1874-இலிருந்தே ஒரு சந்தேகம். ஒரு சதுரத்தின் புள்ளிகளையும் ஒரு கோட்டுத்துண்டின் புள்ளிகளையும், எதுவும் மிச்சமில்லாமல் ஒன்றுக்கு ஒன்று இணைக்க முடியுமா? கேட்டவர்களுக்கு அது அபத்தமாகப் பட்டது. பரப்பில் ஒரு புள்ளியைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும், கோட்டில் ஒன்றே போதும். இரண்டும் எப்படிச் சமமாகும்? 1877 ஜூன் 20-ஆம் தேதி, முடியும் என்று ஒரு நிரூபணம் எழுதி, பிரவுன்ஷ்வைக்கில் இருந்த நண்பர் ரிச்சர்ட் டெடகிண்டுக்கு அனுப்பினார் கேன்டர்.

யோசனை வியக்கும்படி எளிமையானது. x, y இரண்டும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்கள். இரண்டின் தசம இலக்கங்களையும் மாற்றி மாற்றிக் கோத்தால் ஒரே எண் கிடைத்துவிடும்:

```
x = 0.a₁a₂a₃…
y = 0.b₁b₂b₃…
z = 0.a₁b₁a₂b₂a₃b₃…
```

சதுரத்தின் புள்ளி (x, y) கோட்டின் புள்ளி z-க்குப் போகிறது. இதை வகுப்பறை முறைப்படியே சோதித்துப் பார்ப்போம்.

முதலில், இது சார்புதானா? x = 1/2, y = 1/3 என்று எடுத்துக்கொள்வோம். 1/2-ஐ 0.5000… என்று எழுதினால் z = 0.530303… வருகிறது. அதே 1/2-ஐ 0.4999… என்றும் எழுதலாம். அப்போது z = 0.439393… ஆகிவிடுகிறது. ஒரே புள்ளிக்கு இரண்டு நிழல் உருக்கள் இருந்தால் அது சார்பே இல்லை. ஆகவே ஒரு விதி போட வேண்டும்: எந்த எண்ணையும் பூச்சியங்களாகவே முடியும்படி எழுதக் கூடாது, 9-களாக முடியும் வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும். 1-ஐ 0.999… என்று எழுதிக்கொள்ளலாம். 0-ஐ மட்டும் இங்கே ஒதுக்கிவிடுவோம். இப்போது மதிப்பகம் தெளிவாகிவிட்டது: 0 < x ≤ 1, 0 < y ≤ 1 ஆகிய எல்லா (x, y) சோடிகளும். துணை மதிப்பகம் 0 < z ≤ 1 என்ற முழுத் துண்டு.

அடுத்து, ஒன்றுக்கு ஒன்றா? இரண்டு புள்ளிகள் ஒரே z-க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். x-இல் பூச்சியமல்லாத இலக்கங்கள் முடிவில்லாமல் வருவதால் z-இலும் அப்படியே வரும். ஆக, கோத்துக் கிடைத்த z-உம் விதிக்கு உட்பட்ட வடிவத்திலேயே இருக்கிறது, அந்த வடிவம் ஒன்றே ஒன்றுதான். ஒற்றைப்படை இடங்களைப் படித்தால் x, இரட்டைப்படை இடங்களைப் படித்தால் y. எனவே இரண்டு புள்ளிகளும் ஒன்றே. சோதனையில் சார்பு தேறிவிட்டது.

இரண்டு நாளில், ஜூன் 22-ஆம் தேதி, டெடகிண்ட் பதில் எழுதினார். அவர் திசையைத் திருப்பிக் கேட்டார்: கோட்டின் எல்லாப் புள்ளிகளுக்கும் சதுரத்தில் ஆள் உண்டா? அவர் காட்டிய வகையிலேயே ஒரு சிறு எண்ணை எடுத்துப் பார்க்கலாம். z = 0.51010101…, அதாவது 101/198. இது துணை மதிப்பகத்தில் இருக்கிறது, விதிக்கு உட்பட்டும் இருக்கிறது. பிரித்துப் படித்தால் y = 0.111…, x = 0.5000… என்று வருகிறது. ஆனால் 0.5000… என்ற வடிவத்தைத்தான் நாம் விலக்கிவிட்டோமே! சரி, அதை 0.4999… என்று எழுதிக் கோத்தால், (1/2, 1/9) போய்ச் சேரும் இடம் 0.419191…, அதாவது 83/198. 101/198-க்கு யாரும் வரவில்லை. விதியைத் திருப்பிப் போட்டு, 9-களை விலக்கிப் பூச்சியங்களை அனுமதித்தாலும் தப்பிக்க முடியாது. அப்போது 0.590909… அனாதையாக நிற்கும்.

வீச்சகத்தை இப்போது சரியாகவே எழுதிவிடலாம். ஒற்றைப்படை இடங்களிலும் சரி, இரட்டைப்படை இடங்களிலும் சரி, ஒரு கட்டத்துக்குப் பிறகு பூச்சியமாகவே போய்விடாத z-கள் மட்டுமே வீச்சகத்தில் உண்டு. இது துணை மதிப்பகத்தைவிடச் சிறியது. ஆகவே சார்பு ஒன்றுக்கு ஒன்றானது, மேல் சார்பு அல்ல. துணை மதிப்பகத்தையே வீச்சகமாகச் சுருக்கிவிட்டால் மேல் சார்பு ஆகிவிடும்தான். ஆனால் கேன்டருக்கு வேண்டியது முழுக் கோட்டுத்துண்டு. அதைச் சுருக்கினால் அவர் நிரூபிக்க வந்த முடிவே போய்விடும்.

கேன்டர் குறையை மறுக்கவில்லை. ஜூன் 25-ஆம் தேதியே வேறு வழியோடு திரும்பி வந்தார். இந்த முறை தசமங்கள் இல்லை, தொடர் பின்னங்கள். விகிதமுறா எண் ஒவ்வொன்றையும் முடிவில்லாத் தொடர் பின்னமாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். அதனால் கோத்தாலும் பிரித்தாலும் இடறல் இல்லை. மிச்சமிருக்கும் விகிதமுறு எண்களைச் சேர்த்துக்கொள்ளத் தனியாக நீண்ட வேலை செய்ய வேண்டியிருந்தது. நான்கு நாள் கழித்து எழுதிய கடிதத்தில், நிரூபணம் கண் முன்னே இருந்தும் தன்னால் நம்ப முடியவில்லை என்று பிரெஞ்சில் ஒரு வரி சேர்த்தார். கட்டுரை 1878-இல் அச்சேறியது.

பழைய தசம வழியையும் சின்ன மாற்றத்தால் காப்பாற்றலாம் என்று பிற்பாடு தெரிந்தது. தனி இலக்கங்களைக் கோக்காமல், பூச்சியமல்லாத இலக்கத்தையும் அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் பூச்சியங்களையும் ஒரே கட்டாக எடுக்க வேண்டும். 0.51010101… என்பது 5, 1, 01, 01, 01… என்று கட்டுகளாகப் பிரியும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் x = 0.50101…, y = 0.10101…. 101/198-க்கு முன் உரு கிடைத்துவிட்டது. பூச்சியம் எப்போதும் பின்னால் வரும் ஓர் இலக்கத்தோடு ஒட்டியே போவதால், x-ஓ y-ஓ பூச்சியங்களாக முடிய வழியே இல்லை.

டெடகிண்ட் 1888-இல் வெளியிட்ட எண்கள் பற்றிய சிறு நூலில், ஒரு தொகுதியின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் விதிப்படி ஓர் உறுப்பை ஒதுக்குவதையே அடிப்படையாக வைத்தார். ஒன்றுக்கு ஒன்றானவற்றை அதில் தனியாக வகைப்படுத்தினார். ஒன்றுக்கு ஒன்று, மேல், இருபுறம் என்ற மூன்றையும் இன்று நாம் படிக்கும் ஒரே வரிசையில் பரவலாக்கியது 1950-களில் வந்த பூர்பாக்கி குழுவின் நூல்கள்.

வகுப்பறைக்குத் திரும்பினால், மெய்யெண்களில் x²-ஐக் கொடுத்து மேல் சார்பா என்று மட்டும் கேட்டால் அந்தக் கேள்வி அரைகுறையானது. துணை மதிப்பகம் எல்லா மெய்யெண்களும் என்றால், −1-க்கு முன் உரு இல்லாததால் அது மேல் சார்பு அல்ல. குறையில்லா மெய்யெண்கள் என்றால் ஆம். கோவை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், விடை மட்டும் மாறுகிறது. அதனால் இந்தச் சோதனையை எப்போதும் துணை மதிப்பகத்தில் ஏதாவது ஓர் உறுப்பை எடுத்து, டெடகிண்ட் கேட்டதுபோல் பின்னோக்கித்தான் செய்ய வேண்டும்.