வியாபாரியின் வாய்: இரண்டு படங்களும் ஒரு திருகோணமலைத் திரைக்கதையும்

தெருவியாபாரியின் ஒரு நாளைப் பேச்சுக் குறைந்த குறும்படமாக எழுத உட்காருபவர் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார். மீனவரை, தறிக்காரரைப் பேசவிடாமல் பத்து நிமிடம் காட்டலாம். அவர்கள் தொழிலுக்குக் கை போதும். வியாபாரிக்கு வாய்தான் முதல். கூவ வேண்டும், விலை சொல்ல வேண்டும், மீதிக் காசை எண்ணிக் கொடுக்க வேண்டும். அவரை ஊமையாக்கினால் தொழில் பொய்யாகிவிடும். பேசவிட்டால் படம் வேறு படமாகிவிடும். இந்தச் சிக்கலை இரண்டு படங்கள் இரண்டு வழியில் அவிழ்த்திருக்கின்றன. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துக் கச்சான் வியாபாரி ஒருவரை வைத்து நான் எழுதிவரும் சிறு திரைக்கதைக்கு அவ்விரண்டையும் உரசிப் பார்க்கிறேன்.

முதலாவது, ரமின் பஹ்ரானி இயக்கி 2005இல் வந்த ‘மேன் புஷ் கார்ட்’. நியூயோர்க்கின் மன்ஹாட்டனில் தள்ளுவண்டியில் கோப்பியும் பேகல் ரொட்டியும் விற்கும் பாகிஸ்தானியர் அஹ்மத். முன்பு சொந்த நாட்டில் பேர்போன பாடகர். இன்று விடியுமுன் வாகனங்களுக்கு நடுவே வண்டியைக் கையால் இழுத்துச் செல்பவர். நடித்த அஹ்மத் ரஸ்வி அந்தத் தொழிலைச் செய்தவர் என்பது கை அசைவிலேயே தெரியும். இந்தப் படத்தில் வியாபாரப் பேச்சு வெட்டப்படவில்லை. என்ன வேண்டும், சீனி எத்தனை, இந்தாருங்கள் மீதி என்று ஒரே சொற்கள் காலைதோறும் திரும்ப வருகின்றன. பலமுறை கேட்டபின் அவற்றின் பொருள் தேய்ந்து, கோப்பை அடுக்கும் ஓசைக்குச் சமமாகிவிடுகின்றன. பாடகராக இருந்தவர் எதை இழந்தார் என்பதை மட்டும் அவர் வாய் அதிகம் சொல்வதில்லை. பேச்சு உண்டு, ஆனால் அது முழுக்கத் தொழிலுக்குப் போய்விட்டது.

இரண்டாவது, ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் 2014ஆம் ஆண்டு வங்காளப் படம் ‘ஆஷா ஜாவார் மாஜே’. கொல்கத்தாவில் ஒரு கணவன், மனைவி. அவள் பகலில் கைப்பைத் தொழிற்சாலையில். அவன் இரவில் அச்சகத்தில். இருவரும் சந்திப்பது காலையில் சில நிமிடங்கள்தான். அவர்களுக்கிடையே உரையாடலே கிடையாது. பேச ஆள் வீட்டில் இல்லை என்பதால் மௌனம் தானாக அமைகிறது. நடிகரின் வாயை யாரும் கட்டிவைக்கவில்லை. ஒருவர் செய்துவைத்த வேலையை மற்றவர் வந்து பார்க்கிறார். பாத்திரம், தண்ணீர், தெருவின் இரைச்சல் ஆகியவையே இல்லாதவரைப் பற்றிச் சொல்கின்றன. பழைய பாட்டும் ஷெனாயும் படத்தில் வருவதால் இதை முழுக்க இயற்கை ஒலிப் படம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு ஓரிடத்தில் கூர்மையாகிறது. பஹ்ரானி பேச்சை வைத்துக்கொண்டு அதை ஓசையாக்குகிறார்; சென்குப்தா பேச்சுக்கு இடமே இல்லாத நேர அட்டவணையைக் கட்டுகிறார். என் கச்சான் வியாபாரிக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் ஒரே இடத்தில் அல்ல.

தெருவில் பஹ்ரானியின் வழிதான் சரி. திருகோணமலையில் அதற்கு ஒரு கூடுதல் பலன் கிடைக்கிறது: வாங்க வருபவர் இரு மொழியில் கேட்பார், விற்பவர் கேட்ட மொழியில் பதில் சொல்வார். என் வரைவில் அந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

உட்துறைமுக வீதி, மதிலோரம். மாலை ஐந்தரை. ஒன்றரை நிமிடம்.
தாச்சியில் சூடேறிய மணலின் சரசரப்பு. கச்சான் கொட்டுப்படுகிறது, சத்தம் கனக்கிறது.
அகப்பை தாச்சி விளிம்பில் இரண்டு தரம் தட்டுகிறது. அவர் கூவல் அதுதான்.
பெண் குரல்: “எவ்வளவு அண்ணை?” — “நூறு.”
இளைஞன் குரல்: “கீயத?” — “சீயய்.”
தார் வீதியில் குளம்படி. மான் ஒன்று கோதுகளை மணந்து பார்க்கிறது.
தூரத்தில் பாண் ஓட்டோவின் இசை. கிட்ட வரவில்லை.

நகருக்குள் மான்கள் திரிவது இவ்வூரில் அன்றாடக் காட்சி. அதை அதிசயமாகக் காட்டினால் வெளியூர்க் கண் தெரிந்துவிடும். விலை இரண்டு மொழியிலும் ஒரே தொனியில் வர வேண்டும். வசனம் அவ்வளவுதான், விளக்கம் ஒன்று சேர்த்தாலும் கெட்டுவிடும்.

வீட்டுக்குச் சென்குப்தாவின் வழி. வியாபாரியின் மகள் ரியூஷன் முடிந்து வருமுன் அவர் கடைக்குப் போய்விடுவார்; அவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். முடிந்த கொப்பிகளின் தாளை அவள் கிழித்து அடுக்கி வைக்கிறாள், மறுநாள் அவர் அதைச் சுருளாக்கிக் கச்சான் போடுகிறார். கிழிக்கும் சத்தம் வீட்டில், சுருட்டும் சத்தம் வீதியில். அப்பாவும் மகளும் சந்திக்கும் இடம் அந்தத் தாள்தான். ஒரு வாடிக்கையாளர் கச்சானைத் தின்றுகொண்டே அதில் உள்ள கணக்கைப் படிப்பார். மகளை அவரோடு ஒரே சட்டகத்தில் நான் காட்டவில்லை.

இனி, தாளில் எழுதிய ஒலி களத்தில் கிடைக்குமா என்பது. நகரம் ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே டச்சுக் குடாவும் பின்குடாவும் திறந்த கடலைப் பார்த்தவை, அலை உண்டு. மேற்கே உட்துறைமுகம், நிலம் சூழ்ந்த ஆழமான நீர், அலை அடிப்பதே அரிது. கடற்கரை அழகாக இருக்கிறது என்று கச்சான் கடையை டச்சுக் குடா மணலில் வைத்தால், தாள் சுருளும் சத்தம் போய்விடும். அலையோசை தாழ்விலிருந்து உச்சம்வரை எல்லாச் சுருதியையும் நிரப்புவது. சின்னச் சரசரப்புக்கு அதில் இடமில்லை. மாரியில், வாடை வீசும்போது, இன்னும் மோசம். ஆகவே சிறு ஒலிக் காட்சிகளை உட்துறைமுகப் பக்கமும், ஆட்கூட்டம் நிறைந்த ஒரே காட்சியைக் கடற்கரையிலும் வைத்தேன். ஆனி, ஆடியில் படம்பிடித்தால் கச்சான் காற்று ஒலிவாங்கியில் ‘டும் டும்’ என்று மோதும். ரோம உறை போட்டு, ஆளின் முதுகையே காற்றுக்கு மறைப்பாக்கிப் பதிவுசெய்ய வேண்டும். துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படைத் தளம். கமரா எந்தத் திசையைப் பார்க்கலாம் என்பதை அனுமதி கேட்கும்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

பாண் ஓட்டோதான் பெரிய பொறி. பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு வருவதால் அதன் ஓட்டுநர் வாய் திறக்காமலே விற்கிறார். பேச்சில்லாப் படத்துக்கு அவரே நாயகன் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் அவரை விலக்கினேன். மெட்டு பின்னால் ஓடும்போது ஒரு காட்சித்துண்டை வெட்டி இன்னொன்றோடு ஒட்டினால் சுரம் துள்ளி, வெட்டு காதில் பளிச்சென்று விழும். அதோடு, பார்ப்பவர் அதைப் பின்னணி இசை என்று எண்ணிவிடுவார். அது தூரத்து ஒலியாக மட்டும் வேண்டுமென்றால், படம்பிடிக்கும்போது ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, மெட்டை அதே வீதியில் தனியாகப் பதிந்து, பிறகு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடச் சூழல் ஒலி எடுத்துவைத்தால் ஒட்டுகளை மறைக்கலாம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கும் இங்கே உதவாது. வசனமில்லாத நான்கு வரி மூன்று நிமிடம் ஓடும். அதனால்தான் காட்சித் தலைப்பிலேயே நேரத்தை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பார்ப்பவை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒலி வரிகளை மட்டும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவேன். காலையா மாலையா, விற்றதா விற்கவில்லையா என்று அவருக்குத் தெரிந்தால் வரைவு தேறியது. என் வரைவில் நண்பகல் காட்சி இன்னும் தேறவில்லை. அந்த நேரம் தாச்சி ஆறிக் கிடக்கும், வியாபாரி மர நிழலில் சாய்ந்திருப்பார், வீதியில் ஆளில்லை. காகத்தைத் தவிர எழுத ஒன்றும் அகப்படவில்லை. பஹ்ரானியிடமும் சென்குப்தாவிடமும் அதற்கு விடை கிடைக்காததால், ஒரு வெயில் நாளில் அங்கே போய் இருந்து கேட்டுத்தான் அதை எழுத வேண்டும்.