பத்திரங்களில் இரட்டைப் பெயர்: 'என்கிற' என்பதும் 'முன்னர்' என்பதும்

ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருப்பதை ஆவணத்தில் எழுத ஆங்கிலத்தில் மூன்று வழக்குகள் உண்டு: ஏலியாஸ், ஏகேஏ, எஃப்கேஏ. முதல் இரண்டுக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. குற்றப்பத்திரிகைகளில் அதிகம் புழங்கியதால் ஏலியாஸ் மீது போலீஸ் வாடை படிந்துவிட்டது. அதனால் கடன், சொத்து ஆவணங்களை எழுதுவோர் ஏகேஏ பக்கம் ஒதுங்கினார்கள், அவ்வளவே. நம் ஆவண எழுத்தர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. '(எ)' என்ற ஒற்றை எழுத்து முதல் தகவல் அறிக்கையிலும் கிரையப் பத்திரத்திலும் ஒன்றுபோலவே வருகிறது. மூன்றாவதான எஃப்கேஏ, அதாவது 'முன்னர் இன்ன பெயரால் அறியப்பட்டவர்' என்பது, வேறு வகை. முதல் இரண்டும் இரு பெயர்களும் இன்றும் வழங்குகின்றன என்கின்றன. மூன்றாவது, ஒரு பெயர் ஒரு நாளோடு நின்றுவிட்டது என்கிறது.

இந்த வேறுபாட்டைப் பத்திரத்தில் பேணத் தேவையில்லை, எல்லாப் பெயரையும் '(எ)' போட்டுச் சேர்த்துவிட்டால் பாதுகாப்பு என்பது பரவலான கருத்து. ஆள் அடையாளத்துக்கு அது போதும். ஆனால் பத்திரத்தில் உள்ள பெயர் ஆளை அடையாளம் காட்டுவதோடு நிற்பதில்லை. பின்னால் வருபவர் எந்தப் பெயரில், எந்த ஆண்டுகளில் தேட வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 1994இல் பழனியம்மாள் என்ற பெயரில் ஒருவர் மனை வாங்குகிறார். 2011இல் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு ராஜேஸ்வரி ஆகிறார். 2023இல் மனையை விற்கிறார். வில்லங்கச் சான்று சொத்தை வைத்துத் தேடப்படுவதால் இந்தப் பெயர் மாற்றம் அங்கே பெரிய தடையில்லை. சிக்கல் நீதிமன்றத்தில்தான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, சொத்து குறித்த வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும், வழக்கு இருப்பது அவருக்குத் தெரியாவிட்டாலும். மகாராஷ்டிரத்தில் அத்தகைய வழக்கைப் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே வாங்குபவரின் வழக்கறிஞர் இகோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரையும் ஆண்டையும் இட்டுத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பத்திர வரைவில் 'ராஜேஸ்வரி (எ) பழனியம்மாள்' என்றிருந்தால், இரு பெயர்களிலும் எல்லா ஆண்டுகளுக்கும் தேட வேண்டும். 'ராஜேஸ்வரி, 2011 அரசிதழ் அறிவிப்புக்கு முன்னர் பழனியம்மாள்' என்றிருந்தால் தேடல் இரண்டாகப் பிரியும். ஆனாலும் பழைய பெயரை 2011ஓடு நிறுத்திவிடக் கூடாது. 2010இல் பழனியம்மாள் யாருக்காவது விற்பனை உடன்படிக்கை எழுதிக் கொடுத்து, அந்த ஆண்டின் டிசம்பரைக் கெடுவாகக் குறித்திருந்தால், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கை 2013 டிசம்பர் வரை போடலாம். பெயர் மாறியது தெரியாத வாதி பழைய பெயரிலேயே போடுவார். அந்த உடன்படிக்கை வில்லங்கச் சான்றிலும் வராமல் போகலாம். அத்தகைய உடன்படிக்கைகளுக்குத் தமிழ்நாட்டில் 2012 இறுதிவரை பதிவு கட்டாயமில்லை. எனவே பழைய பெயருக்கு மாற்றத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் தேடல் வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட, பெயர் நின்ற நாள் தெரிய வேண்டும். '(எ)' அந்த நாளை விழுங்கிவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. அரசிதழ் அறிவிப்பு வந்துவிட்டது என்பதற்காகவே 'முன்னர்' என்று எழுதுவது சரியல்ல. அறிவிப்புக்குப் பிறகும் அதே பெண் கூட்டுறவு வங்கியில் பழனியம்மாள் என்றே கையெழுத்திட்டுக் கடன் வாங்கிவந்தால், இரு பெயர்களும் உயிரோடு இருக்கின்றன. அங்கே '(எ)' தான் உண்மை. 'முன்னர்' என்றால் தேடுபவர் உரிய காலத்துக்கு முன்பே நின்றுவிடுவார். பெயர் புழக்கத்தில் இருக்கிறதா என்பதை அரசிதழ் சொல்லாது, கையெழுத்துகள் சொல்லும். திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்து கணவருடையதாக மாறுவதற்கு அரசிதழ்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே மூலப் பத்திரத்தில் உள்ள பெயரை அந்தப் பத்திரத்தின் எண், ஆண்டோடு சேர்த்து எழுதுவதே நேர்மையான வழி.

நிறுவனங்கள் விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே குறைவு. பதிவாளர் தரும் சான்றிதழின் நாளோடு பழைய பெயர் முடிகிறது. ஆகவே அங்கே பொருந்துவது 'முன்னர்' ஒன்றுதான். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பெயரை மாற்றிய நிறுவனம் புதுப் பெயரோடு பழைய பெயரையும் காட்ட வேண்டும் என்கிறது. கடைப் பலகையில் மட்டும் வழங்கும் வணிகப் பெயர் இதில் சேராது.

தவறான சொல்லை இட்டதற்காகப் பத்திரம் செல்லாததாகிவிடாது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, உயிலில் பெயர் பிழையாக இருந்தாலும் யாரைக் கருதினார் என்பது தெளிவாக இருந்தால் கொடை அவருக்கே சேரும் என்கிறது. 'என் சகோதரன் ஜானின் இரண்டாம் மகன் தாமஸ்' என்று எழுதியிருக்க, ஜானுக்குத் தாமஸ் என்ற மகனே இல்லாமல் இரண்டாம் மகனின் பெயர் வில்லியம் என்றிருந்தால், கொடை வில்லியமுக்கே. ஆனால் அந்தப் பிரிவு காப்பது கொடை பெறுபவரை. 2013இல் பழனியம்மாள் மீது போடப்பட்ட வழக்கில் மனையை வாங்கியவருக்குப் பாதகமாகத் தீர்ப்பு வந்தால், விற்றவரும் பழனியம்மாளும் ஒருவரே என்று நிரூபிப்பது வாங்கியவருக்கு எந்த வகையிலும் உதவாது. வழக்காடிய வாதிக்குத்தான் உதவும்.