உத்தரத்தில் பிறந்த வட்டம்

இரு முனைகளிலும் தாங்கி நிற்கும் உத்தரத்தின் மேல் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். நடுப்பகுதியைப் பொறுத்தவரை கணக்கு பெரும்பாலும் அவ்வளவுதான். தாங்கியை நெருங்க நெருங்கச் சிக்கல் வருகிறது. அங்கே உத்தரத்தைக் குறுக்கே வெட்டியதாகக் கற்பனை செய்தால், ஒரு துண்டு மற்றதை உரசிக்கொண்டு கீழே நழுவப் பார்க்கும். இழுப்பும் சறுக்கும் ஒரே புள்ளியில் கூடும்போது இரும்பு எந்தத் திசையில் மிக அதிகமாக இழுபடுகிறது? ரயில் பாலங்கள் ஐரோப்பா முழுவதும் முளைத்துக்கொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்கு விடை தேவைப்பட்டது.

கொள்கை அளவிலான விடை முன்பே இருந்தது. 1822இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அகுஸ்தீன் லூயி கோஷி அதை வைத்தார். ஒரு புள்ளியில் தகைவு என்பது ஒற்றை எண் அல்ல. அந்தப் புள்ளி வழியாக எந்தச் சாய்வில் வெட்டுகிறோமோ, அதற்கேற்ப வெட்டுமுகத்தின் மேல் வரும் இழுப்பும் சறுக்கும் மாறும். ஆனால் சறுக்கே இல்லாத, ஒன்றுக்கொன்று செங்குத்தான முகங்கள் எப்போதும் உண்டு. அவற்றின் மேல் உள்ளவையே முதன்மைத் தகைவுகள். இழுப்பின் உச்சமும் தாழ்வும் அங்கேதான் இருக்கின்றன.

கோஷி சொன்னது சமன்பாடுகளில் இருந்தது. ஓர் உத்தரத்தில் எத்தனையோ புள்ளிகளுக்கு அதைக் கணக்கிட வேண்டியவர்களோ வரைபலகையின் முன் நின்றார்கள். கார்ல் குல்மன் அந்த உலகத்து மனிதர். 1821இல் பிறந்தவர், பவேரிய ரயில்வேயில் பொறியாளராக இருந்தவர். 1849இல் தொடங்கிய பயணத்தில் இங்கிலாந்து, அமெரிக்கப் பாலங்களை நேரில் பார்த்தார். 1855இல் சூரிச் பொறியியல் கல்லூரியில் பேராசிரியரானார். விசைகளைக் கோடுகளாலேயே கணக்கிடும் முறையை 1860களில் ஒரு பெரிய நூலாக எழுதினார். அந்த நூலில், வளையும் உத்தரத்தின் ஒரு புள்ளியில் முதன்மைத் தகைவுகளைக் கண்டுபிடிக்க அவர் வரைந்தது ஒரு வட்டம்.

அவர் வரைந்ததை ஓர் எடுத்துக்காட்டோடு நாமும் வரைந்து பார்க்கலாம். இடது தாங்கிக்கு அருகில், உத்தரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு சிறு சதுரம். அதன் வலது முகத்தின் மேல் சதுர மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் இழுப்பு. அதே முகத்தில் கீழ்நோக்கி 40 நியூட்டன் சறுக்கு. மேல்முகத்தில் இழுப்பு ஏதும் இல்லை. ஆனால் சதுரம் சுழன்றுவிடாமல் இருக்க அங்கும் 40 சறுக்கு இருந்தே தீர வேண்டும், எதிர்ச்சுழற்சி தரும்படி.

தாளில் கிடைக்கோட்டை இழுப்புக்கும் செங்கோட்டைச் சறுக்குக்கும் ஒதுக்குங்கள். சதுரத்தைக் கடிகாரத் திசையில் சுழற்றப் பார்க்கும் சறுக்கை மேலே குறியுங்கள், எதிர்த்திசையில் சுழற்றுவதைக் கீழே. வலது முகம் (60, 40) என்ற புள்ளியாகிறது, மேல்முகம் (0, −40). இரண்டையும் இணைக்கும் கோடு கிடைக்கோட்டை 30இல் வெட்டுகிறது. அதுதான் மையம். அங்கே கவராயத்தை ஊன்றி, குறித்த புள்ளிகள் வழியாக வட்டம் போட்டால் ஆரம் 50. வட்டம் கிடைக்கோட்டை 80இலும் −20இலும் வெட்டும். ஆகவே அந்தப் புள்ளியில் இழுப்பின் உச்சம் 60 அல்ல, 80. அதற்குச் செங்குத்தாக 20 அளவுக்கு அமுக்கமும் இருக்கிறது. தொடக்கத்தில் கொடுத்த எண்களில் அமுக்கத்தின் அடையாளமே இல்லை. எனக்கு இந்தக் கட்டம் எப்போதும் வியப்பூட்டுவது.

திசை என்ன? வட்டத்தில் வலது முகத்தின் புள்ளியிலிருந்து 80க்குப் போக, கடிகாரத் திசையில் ஏறத்தாழ 53 பாகை திரும்ப வேண்டும். உத்தரத்தில் அதன் பாதி, 26.5 பாகை. ஏன் பாதி? சதுரத்தை 90 பாகை திருப்பினால் வலது முகம் இருந்த இடத்துக்கு மேல்முகம் வந்துவிடுகிறது. வட்டத்திலோ அந்த இரு முகங்களும் விட்டத்தின் இரு முனைகள், 180 பாகை இடைவெளி. பொருளில் ஒரு பங்கு திரும்பினால் வட்டத்தில் இரு பங்கு.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பாதியாக்க மறப்பார்கள், அல்லது சறுக்கின் குறியை மாற்றிவிட்டு எதிர்த்திசையில் திருப்புவார்கள். எண்கள் சரியாக வந்துவிடுவதால் தவறு கண்ணில் படாது. சதுரத்தைப் படமாகப் போட்டு, சறுக்கு அம்புகள் தலை சேரும் மூலையைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் அது கீழ்வலது மூலை. பெரிய இழுப்பு அந்த மூலையின் பக்கமாகத்தான் சாய வேண்டும், அதுவும் பெரிய நேர்த்தகைவின் திசையிலிருந்து 45 பாகைக்குள். கீழே சாயும் 26.5 பாகை இதற்குப் பொருந்துகிறது. அதற்குச் செங்குத்தாக விரிசல் விழுந்தால் அது கீழிருந்து கிளம்பி உத்தரத்தின் நடுவை நோக்கி மேலேறும். பாரம் தாங்காத கான்கிரீட் உத்தரங்களில் தாங்கிகளின் அருகே தெரியும் சாய்ந்த விரிசல்களும் அப்படித்தான் ஏறுகின்றன.

குல்மனின் வட்டம் உத்தரத்தோடு நின்றது. அதை அங்கிருந்து விடுவித்தவர் ஓட்டோ மோர். 1835இல் ஹோல்ஸ்டைனின் வெசல்பூரனில் பிறந்த இவரும் ரயில்வேக்காரர்தான். ஹானோவரில் படித்து, ஹானோவர், ஓல்டன்பர்க் ரயில்வேக்களில் வேலை பார்த்து, ஸ்டுட்கார்ட்டில் பாடம் நடத்தி, 1873இல் டிரெஸ்டனுக்கு வந்தார். 1882இல் வெளிவந்த கட்டுரையில் அவர் எந்த ஒரு பொருளின் எந்தப் புள்ளிக்கும் வட்டம் வரையலாம் என்று காட்டினார். முப்பரிமாணத்தில் ஒன்றல்ல, மூன்று வட்டங்கள் என்பதும் அதில் வந்தது.

அந்த மூன்றும் தளத் தகைவிலும் மறைந்து போவதில்லை. மெல்லிய தகடால் ஆன கொதிகலனை எடுத்துக்கொள்வோம். சுற்றுவாட்டில் இழுப்பு 80, நீளவாட்டில் 40, சறுக்கு இல்லை. தகட்டின் தளத்தில் வரையும் வட்டத்தின் ஆரம் 20, ஆகவே உச்சச் சறுக்கு 20 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் தகட்டின் தடிப்புத் திசையில் தகைவு சுழியம்; அதுவும் ஒரு முதன்மைத் தகைவே. 80க்கும் 0க்கும் இடையே வரையும் வட்டத்தின் ஆரம் 40. சறுக்கால் விட்டுக்கொடுக்கும் எஃகுக்கு உண்மையான ஆபத்து அந்த 40தான்; அது தகட்டின் தடிப்பை 45 பாகையில் வெட்டும் முகத்தில் இருக்கிறது. தளத்தின் இரு முதன்மைத் தகைவுகளும் ஒரே குறியில் இருந்தால் மூன்றாவதை எண்ணாமல் விடக்கூடாது. ஒன்று இழுப்பும் மற்றது அமுக்கமுமாக இருந்த உத்தரத்தில் சுழியம் நடுவில் விழுந்ததால் முதல் வட்டமே பெரிதாக இருந்தது.

1900இல் மோர் இன்னொரு படி எடுத்துவைத்தார். ஒரு பொருள் எப்போது உடையும் என்ற கேள்வியையும் அதே தாளில் வரைந்தார். வார்ப்பிரும்பை இழுத்து உடைத்தால் ஒரு வட்டம், அமுக்கி உடைத்தால் ஒரு பெரிய வட்டம். இரண்டையும் தொட்டுச் செல்லும் கோடு அந்தப் பொருளின் எல்லை. இனி எந்த வட்டமும் அதைத் தொடும்போது உடைவு. அமுக்கத்தில் இழுப்பைப் போல் நான்கு மடங்கு வலிமை உள்ள பொருளுக்குத் தொடுகோடு வரைந்து பார்த்தால், முறுக்கலின் வட்டம் இழுவலிமையின் 0.8 பங்கு ஆரத்தில் அதைத் தொடுகிறது.

மண் ஆய்வுக்கூடங்களில் இது அன்றாட வேலை. ஒரே மண்ணின் மூன்று மாதிரிகளை மூன்று வேறு பக்க அழுத்தங்களில் வைத்து, மேலிருந்து அமுக்கி உடைக்கிறார்கள். மூன்று அரைவட்டங்கள், அவற்றுக்கு ஒரு பொதுத் தொடுகோடு. கோட்டின் சாய்வு மண்ணின் உராய்வுக் கோணம். அது செங்கோட்டை வெட்டும் உயரம் மண்ணின் ஒட்டுவலிமை. அணைக்கரையின் சரிவை எவ்வளவு செங்குத்தாக விடலாம் என்பது அந்த இரு எண்களிலிருந்தே கணக்கிடப்படுகிறது.