பவனமுக்தாசனம்: அழுத்தமா, அசைவா?

வாயுத் தொல்லைக்கு யோகப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தருவது பவனமுக்தாசனம். மல்லாந்து படுத்து, வலது முழங்காலை மார்போடு அணைத்து ஐந்தாறு மூச்சு நிறுத்தி, பின் இடது காலுக்கு மாறுவது வழக்கம். வலது காலை முதலில் மடக்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணம், பெருங்குடல் வலப்புறம் ஏறி இடப்புறம் இறங்குகிறது என்பது. அதாவது தொடை குடலை அழுத்தி, வாயுவை அந்தத் திசையிலேயே தள்ளுகிறதாம்.

உடற்கூற்றைப் பொறுத்தவரை திசை சரிதான்; விளக்கம்தான் போதவில்லை. ஏறுகுடலும் இறங்குகுடலும் வயிற்றின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கின்றன. முன்னிருந்து அழுத்தும் தொடை அவற்றைப் பற்பசைக் குழாய்போலப் பிதுக்கிவிடாது. பார்சிலோனாவில் அஸ்பிரோஸ் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் சிறுகுடலுக்குள் வாயுவைச் செலுத்தி, அது வெளியேறும் வேகத்தை அளந்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், படுத்திருந்தபோதைவிட நிமிர்ந்திருந்தபோதே வாயு விரைவாக வெளியேறியது. வயிற்று உப்புசக்காரர்களிடம் அதே குழு பின்னர் செய்த சோதனையில், மிதமாக மிதிவண்டி மிதித்ததே வாயுத் தேக்கத்தைக் குறைத்தது. ஆகவே இந்த ஆசனத்தில் பலன் தருவது, பிடித்து நிறுத்தும் இறுக்கத்தைவிடக் கால்களை மாற்றி மாற்றி மெதுவாக மடக்கி நீட்டும் அசைவாகவே இருக்கலாம் என்பது என் கருத்து. முடித்தபின் பத்து நிமிடம் நடப்பதையும் பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இரண்டு முழங்கால்களையும் சேர்த்து மடக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. மலக்குடலை முன்னோக்கி இழுத்து வளைத்து வைத்திருக்கும் தசைவார் தளர, அந்த வளைவு நிமிர்கிறது. மலாசனத்தில் குந்தும்போதும் இதேதான் நிகழ்கிறது. மலக்குடலில் தேங்கிய வாயு சட்டென வெளியேறுவது இதனால்தான்.

மலச்சிக்கலுக்கு இது பாதி வழி மட்டுமே. சிலருக்கு முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை எதிர்மாறாக இறுகுகிறது. மூச்சை அடக்கி ஆசனம் செய்வது அந்தத் தவறான பழக்கத்தையே வலுப்படுத்தக்கூடும். மூச்சை விட்டபடியே மடக்க வேண்டும். ஆசனம் வெறும் வயிற்றில். கழிப்பறைக்குப் போவதோ காலை உணவுக்குப்பின், குடல் தானே அசையும் நேரத்தில்.

யார் தவிர்ப்பது? குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள், வயிறு தெரியத் தொடங்கிய கர்ப்பிணிகள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் மருத்துவரின் அனுமதியின்றித் தொடையைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கலாகாது, மூட்டு நழுவக்கூடும். பயிற்சி வகுப்புகளில் அதிகம் கவனிக்கப்படாதவர்கள் எலும்புப்புரை உள்ள முதிய பெண்கள். தலையைத் தூக்கி நெற்றியால் முழங்காலைத் தொடும் இறுதிநிலை முதுகெலும்பை முன்வளைக்கிறது. 1984-இல் சினாகியும் மிக்கெல்சனும் வெளியிட்ட ஆய்வில், முன்வளையும் பயிற்சி செய்த இத்தகைய பெண்களுக்கு முதுகெலும்பு முறிவு மிக அதிகமாக ஏற்பட்டது. இவர்கள் தலையைத் தரையிலேயே வைத்து ஒற்றைக் காலை மட்டும் மடக்கலாம்.

வயிறு வீங்கி, வாந்தியும் சேர்ந்து, வாயுவும் மலமும் அறவே நின்றுபோனால் அது குடலடைப்பாக இருக்கக்கூடும். அப்போது பாய் விரிக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.