செதுக்கு வேலைப்பாடுள்ள ஈட்டி மர நாற்காலித் தொகுதி: காப்பீட்டு மதிப்பீட்டு அறிக்கை

உணவு மேசையைச் சுற்றிப் போடுவதற்காக ஒரே கையால் அல்லது ஒரே பட்டறையில் செய்யப்பட்ட ஈட்டி மர நாற்காலிகளை நேரில் ஆராய்ந்து, அவை எரிந்தோ திருடுபோயோ சிதைந்தோ போனால் காப்பீட்டு நிறுவனம் எந்தத் தொகையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று மதிப்பீட்டாளர் எழுதித் தரும் ஆவணம் இது. இழப்பு நேர்ந்த பிறகு சர்வேயர் எழுதும் இழப்பு அறிக்கை வேறு. மதிப்பீட்டு அறிக்கை பொருள் முழுதாக இருக்கும்போதே எழுதப்படுகிறது. பொருள் சாம்பலான பின் அது எப்படி இருந்தது என்று சொல்ல எஞ்சி நிற்கும் சாட்சி இதுவே.

பின்னணி

ஈட்டி, தோதகத்தி, நூக்கு என்றெல்லாம் வழங்கும் மரம் டால்பெர்ஜியா லாட்டிபோலியா. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் இது சிறப்பாக வளரும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டு வடிவங்களை இந்தியத் தச்சர்களிடம் கொடுத்து இம்மரத்தில் செய்து வாங்கினர். பம்பாயில் நெருக்கமான பூவேலையும் கொடிவேலையும் கொண்ட கரிய நிற மரச்சாமான்கள் தனி வகையாகவே பெயர் பெற்றன. சாய்மானம் பலூன் போல வளைந்து இடுப்பில் குறுகும் நாற்காலி அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பரவிய வடிவம். அதே வடிவம் இங்கே ஈட்டியில் செதுக்கப்பட்டு, வெப்பத்துக்கு ஏற்றபடி மெத்தைக்குப் பதிலாகப் பிரம்பு பின்னிய இருக்கையைப் பெற்றது. இந்த வகையைப் பற்றி அமின் ஜாபர் 2001இல் வெளியிட்ட, பிரித்தானிய இந்தியா மற்றும் இலங்கை மரச்சாமான்கள் குறித்த நூல் மதிப்பீட்டாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை நூலாகும்.

மரத்தை அறிதல்

அறிக்கையின் முதல் கூற்று மரம் எது என்பது. ஈட்டியின் வைரம் ஊதா கலந்த பழுப்பாகவும் கரும் வரிகளோடும் இருக்கும். வெளிறு மஞ்சள் கலந்த வெண்மை. மேற்பரப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. சாயம் ஏற்றிய தேக்கும் சீசமும் பாலிஷுக்கு அடியில் ஈட்டி போலவே தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச் மரத்தின் மேல் ஈட்டியின் வரிகளைத் தூரிகையால் வரைந்து விற்ற நாற்காலிகளும் உண்டு.

எனவே நாற்காலியைக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பின்காலின் அடிமுனையில் மரத்தின் குறுக்கு வெட்டு தெரியும். அங்கே பத்து மடங்கு லென்ஸை வைத்தால் ஈட்டியில் துளைகள் பரவலாகச் சிதறியிருக்கும். தேக்கில் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் வரிசையாகக் கூடியிருக்கும். இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: உலர்ந்த ஈட்டி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ எடை கொண்டது, தேக்கு அதைவிடத் தெளிவாக இலேசானது.

காலத்தை அறிதல்

செதுக்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காலத்தைச் சொல்லாது. பழைய பூவேலையை இன்றும் நகலெடுக்கலாம். காலத்தைச் சொல்பவை மறைவிடங்கள். கடைசல் பிடித்த முன்காலை வெர்னியர் காலிப்பரால் ஒரே உயரத்தில் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். மரம் வளையத்தின் போக்கில் அதிகமாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்குவதால், வட்டமாகக் கடைந்த கால் பல பத்தாண்டுகளில் சற்றே நீள்வட்டமாகிவிடும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் போலிப் பழமையில் இது எளிதில் வராது.

இருக்கைப் பிரம்பும் பேசும். சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டுக் கையால் பின்னியது பழைய முறை. ஆயத்தப் பிரம்புப் பாயைப் பள்ளத்தில் அழுத்திப் பொருத்துவது பின்னால் வந்தது. கூர்முனை கொண்ட இயந்திரத் திருகாணிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவின. அவை இருந்தால் நாற்காலியோ அதன் பழுதுபார்ப்போ அதற்குப் பிந்தியது. சட்டத்தின் உட்புறத்தில் வளைவான வாள் தடங்கள் வட்ட ரம்பத்தைக் காட்டுகின்றன. நேரான தடம் பழமைக்குச் சான்றாகாது, ஏனெனில் இந்தியப் பட்டறைகளில் கைவாள் நெடுங்காலம் நீடித்தது.

தொகுதியை அறிதல்

அறிக்கையில் மிக அதிகப் பணம் தங்கியிருக்கும் கேள்வி இதுதான்: இவை ஒன்றாகப் பிறந்த நாற்காலிகளா, பின்னால் ஒன்று சேர்க்கப்பட்டவையா?

பழைய தச்சர்கள் ஒவ்வொரு நாற்காலியின் இருக்கைச் சட்டத்தின் உட்புறத்திலும், அதில் இறங்கும் கழற்றக்கூடிய பிரம்புச் சட்டத்திலும் ஒரே எண்ணை உளியால் வெட்டினர். கையால் செய்த நாற்காலிகளில் ஒன்றின் சட்டம் மற்றொன்றில் சரியாக உட்காராது. இணை மாறாமல் இருக்கவே எண். ரோமானிய எண்களில் வளைவு இல்லாததால் உளியைச் சுத்தியலால் தட்டியே வெட்டிவிடலாம். நான்கைப் பெரும்பாலும் நான்கு நேர்க்கோடுகளாகவே போட்டனர்.

இந்த எண்கள் தொகுதியின் பிறப்புப் பதிவேடு. மிகப் பெரிய எண், தொடக்கத்தில் குறைந்தது எத்தனை நாற்காலிகள் இருந்தன என்பதைச் சொல்கிறது. விடுபட்ட எண்கள் எவை தொலைந்தன என்பதைச் சொல்கின்றன. எண்ணில்லாத நாற்காலி ஐயத்துக்குரியது. அதன் சாய்மானச் செதுக்கலை எண்ணுள்ள ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே தச்சன் செதுக்கிய இரு பூக்களும் ஒன்றுபோல இருக்காது, ஆனால் இதழ் வெட்டும் ஆழமும் உளி திரும்பும் விதமும் ஒத்திருக்கும். நகலில் வடிவம் ஒத்தும் ஆழம் குறைந்தும் இருப்பது வழக்கம். கணினி இயக்கும் இயந்திரத்தில் செதுக்கியதானால் பள்ளங்களின் அடி ஒரே சீரான உருண்டை விளிம்போடு, நாற்காலிக்கு நாற்காலி மாறாமல் இருக்கும்.

நிலையும் பழுதும்

பொருத்துகளின் ஆட்டம், வெளிற்றில் பூச்சி துளைத்த புள்ளிகள், சாய்மானம் பின்காலோடு சேரும் இடத்தில் விரிசல், மாற்றிய கால், உடைந்து ஒட்டிய செதுக்கல் ஆகியவற்றை நாற்காலி வாரியாக எழுத வேண்டும். துளையில் கழுந்து தளர்ந்தால் பழைய பசையை நீக்கி மீண்டும் ஒட்டிய பழுது மதிப்பைக் குறைக்காது. இரும்புப் பட்டையும் ஆணியும் அடித்த பழுது குறைக்கும். பழைய அரக்கு பாலிஷைச் சுரண்டி எடுத்துப் பாலியூரித்தேன் பூசுவது சிதைவாகவே கருதப்படுகிறது, ஏனெனில் மேற்பரப்பின் நூறாண்டு நிறம் அத்தோடு போய்விடும், திரும்பவும் வராது.

எடுத்துக்காட்டு

சென்னை வீடொன்றில் எட்டு நாற்காலிகள் என்று வைத்துக்கொள்வோம்: கைப்பிடியில்லாதவை ஆறு, கைப்பிடியுள்ளவை இரண்டு. கைப்பிடியில்லாதவற்றில் ஐந்தின் சட்டங்களில் 1, 3, 4, 7, 10 என்ற எண்கள் கிடைக்கின்றன. ஆறாவதில் எண் இல்லை. அதன் இருக்கைச் சட்டம் தேக்கு. முன்கால் எத்திசையில் அளந்தாலும் 48 மில்லிமீட்டர். மற்றவற்றில் அதே இடம் 48, 47 என்று வருகிறது. கைப்பிடியுள்ளவற்றில் 11, 12. நான்காம் நாற்காலியில் இறங்கியிருக்கும் பிரம்புச் சட்டத்தில் எட்டு என்று வெட்டியிருக்கிறது. பிரம்பு மாற்றியபோது இடம் மாறியதாகக் கொள்ளலாம்.

இதிலிருந்து அறிக்கை எழுதும் முடிவு: குறைந்தது பன்னிரண்டு நாற்காலிகள் கொண்ட தொகுதியில் ஏழு எஞ்சியுள்ளன, எட்டாவது பின்னாளில் சேர்த்த நகல். வெளியே கிடைக்கக்கூடிய எட்டாம் எண் நாற்காலி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கான சான்றும் பதிவாகிறது.

அடுத்தது தொகை. காப்பீட்டுக்குரியது, அதே தரமுள்ள பொருளைத் தக்க கடையில் நியாயமான காலத்துக்குள் வாங்க ஆகும் சில்லறை விலை. உரிமையாளர் அவசரத்தில் விற்றால் கிடைக்கும் விலை அல்ல. ஏலத்தில் கிடைத்த விலையை ஒப்பீடாகக் காட்டினால் வாங்குபவர் செலுத்திய ஏலக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். காரைக்குடி, கொச்சி மட்டாஞ்சேரி போன்ற பழம்பொருள் சந்தைகளில் கேட்கும் விலையை அப்படியே எடுக்காமல் பேரம் முடிந்த விலையைக் கேட்டறிய வேண்டும்.

கணக்குக்காக, தனியே வாங்கினால் மூல நாற்காலி ₹45,000, நகல் ₹20,000, கைப்பிடி நாற்காலி ₹80,000 என்று கொள்வோம். தனித்தனி மதிப்புகளின் கூட்டல் ₹4,05,000. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகக் கிடைப்பது அரிது என்பதால் தொகுதியாக அவற்றின் மதிப்பு ₹5,20,000. இப்போது கைப்பிடி நாற்காலி ஒன்று தீயில் போனால் மீதி ஏழும் ₹3,60,000 மட்டுமே பெறும். உண்மை இழப்பு ₹1,60,000. பல பாலிசிகளில் உள்ள ஜோடி, தொகுதி விதியின்படி, தொலைந்த பகுதியின் தனி மதிப்புக்கு மேல் நிறுவனம் பொறுப்பேற்காது. கையில் வருவது ₹80,000. அறிக்கையில் ஒரே ஒரு மொத்தத் தொகை இருந்தால் இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேச இடமே இல்லை. எனவே தனி மதிப்பு, தொகுதி மதிப்பு, ஒன்று குறைந்தால் மீதியின் மதிப்பு என மூன்றையும் எழுதுவதே முறையான அறிக்கை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாலிசி எடுக்கும்போதே தொகுதி விதியை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். இழப்புக்குப் பின் கேட்டுப் பயனில்லை.

அறிக்கையின் உறுப்புகள்

நோக்கமும் மதிப்பின் வரையறையும், ஆய்வு நாள், மதிப்பு செல்லும் நாள், நாற்காலி வாரியான அளவுகள், அடிப்பக்கத்தையும் எண்களையும் காட்டும் படங்கள், ஒப்பீட்டு விலைகள், முடிவு, மதிப்பீட்டாளருக்கு அப்பொருளில் வாங்கல் விற்றல் ஆர்வம் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். கட்டணம் மதிப்பின் சதவீதமாக இருக்கக் கூடாது. இருந்தால் மதிப்பை உயர்த்துவதில் எழுதுபவருக்கே ஆதாயம் வந்துவிடும்.

சட்டமும் தற்கால நிலையும்

நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தனியாரால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாதவை. டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. தமிழ்நாடு 1994ஆம் ஆண்டின் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் தனியார் நிலத்து மரங்களை வெட்டுவதையும் கட்டுப்படுத்தியது. புதிய மரம் அரிதாவதால் மாற்று நாற்காலி செய்யும் செலவு ஏறுகிறது. 2021 ஏப்ரலில் அறிமுகமான பாரத் கிருக ரக்ஷா பாலிசியில் விலையுயர்ந்த பொருள்களை ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு செய்யலாம். மொத்தத் தொகை ₹5 லட்சத்துக்குள்ளும் தனிப் பொருள் ₹1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. மேலே சொன்ன தொகுதி அந்த வரம்பைத் தாண்டுகிறது. 2017ஆம் ஆண்டின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகளும் நிதிச் சொத்துகளும் என மூன்று பிரிவுகளையே கொண்டுள்ளன. பழம்பொருளுக்குத் தனிப் பிரிவு இல்லை.