நிலப்பட ஸ்லைடு: நிற அளவும் முனைப்பாகக் காட்டும் பகுதியும்

மாவட்டம், மாநிலம் போன்ற பரப்புகளின் புள்ளிவிவரத்தை நிறத்தின் அடர்வால் காட்டி, அவற்றுள் ஒரு பரப்பை மட்டும் பார்வையாளர் கவனத்துக்குக் கொண்டுவரும் காட்சித்தாள் நிலப்பட ஸ்லைடு எனப்படும். இவ்வகைப் படத்துக்கு வரைபடவியலில் கோரோப்ளெத் என்று பெயர். பிரான்சின் சார்ல் தியுபேன் 1826இல் தம் நாட்டுக் கல்வி நிலையைப் பகுதிவாரியாகச் சாயமிட்டு வெளியிட்ட படம் இதன் முன்னோடி.

ஒரு ஸ்லைடு ஒரு செய்தியைத்தான் தாங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். மாநிலச் சராசரியைப் போல இரு மடங்கு என்ற இந்தச் செய்தியைப் படமாக்குவதை எடுத்துக்கொண்டால், இடர்கள் எங்கே வருகின்றன என்பது தெளிவாகும்.

முதல் இடர் சென்னை. அப்போது 175 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்டிருந்த அந்த மாவட்டத்தின் அடர்த்தி 26,553. மென்பொருளில் சம இடைவெளி முறையைத் (QGIS-இல் `Equal Interval`) தேர்ந்து ஐந்து படிகள் கேட்டால், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 5,300 அகலம் பெறும். சென்னை மட்டும் கடைசிப் படியில் அடர்ந்த நிறத்தில் நிற்கும். மற்ற 31 மாவட்டங்களும் முதல் படியில் ஒரே வெளிர் நிறமாகிவிடும். 287 பேர் உள்ள நீலகிரிக்கும் 1,111 பேர் உள்ள கன்னியாகுமரிக்கும் வேறுபாடே தெரியாது. கணக்கில் பிழையில்லை, ஆனால் படம் எதையும் சொல்லாது.

எனவே எல்லைகளைக் கையால் வகுப்பதே நல்லது: 350-க்குக் கீழ், 350–499, 500–699, 700–999, 1,000-க்கு மேல். நீலகிரி, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகியவை முதல் படியிலும், மதுரையும் கோயம்புத்தூரும் நான்காம் படியிலும், சென்னை, திருவள்ளூர், கன்னியாகுமரி ஆகிய மூன்றும் ஐந்தாம் படியிலும் அமையும். படிகள் சம அகலத்தில் இல்லை என்பதால் குறிப்பு விளக்கத்தில் எல்லை எண்களை முழுமையாக எழுத வேண்டும்; ‘குறைவு’, ‘அதிகம்’ என்று மட்டும் எழுதுவது பார்வையாளரை ஏமாற்றும். சென்னையின் 26,553 தனிக் குறிப்பாக அருகிலேயே இருக்கட்டும்.

நிறத்துக்கு ஒரே சாயல் போதும்: வெளிர் நீலத்தில் தொடங்கிக் கருநீலத்தில் முடியலாம். சிவப்பும் பச்சையும் கலந்த அளவைத் தவிர்க்க வேண்டும். நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது புரியாது என்பதோடு, எது கூடுதல், எது குறைவு என்பதை யாருக்குமே இயல்பாக உணர்த்தாது. புரொஜெக்டர் வெளிர் நிறங்களை இன்னும் வெளுக்கச் செய்வதால், முதல் படி வெள்ளைப் பின்னணியோடு கரைந்துவிடாத அளவு அழுத்தமாக இருக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு ஐந்து படிகளும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை.

கன்னியாகுமரியை முனைப்பாக்க அதற்குச் சிவப்பு நிறம் பூசுவது பரவலான தவறு. பரப்பின் நிறமே அதன் மதிப்பு. அதை மாற்றினால் அந்த மாவட்டம் அளவுகோலிலிருந்தே வெளியேறிவிடும். நிறத்தை அப்படியே விட்டு, எல்லைக்கோட்டை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தடிப்பாக்கி, மற்ற எல்லைகளை மெல்லிய வெள்ளைக் கோடுகளாக்கினால் போதும். ஆறு அங்குல உயரத்தில் மாநிலம் முழுவதையும் வரைந்தால் இம்மாவட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமே இருக்கும். பெயரை உள்ளே எழுத இடமில்லை. கடல் பகுதியில் ‘கன்னியாகுமரி 1,111 – மாநிலம் 555’ என எழுதி ஒரு கோட்டால் இணைக்கலாம்.

எளிதில் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. 2011இல் 32 மாவட்டங்கள், இன்று 38. பழைய எண்களை இன்றைய எல்லைக் கோப்போடு பெயர்வழி இணைத்தால் தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை போன்றவை வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையாவது தெரிந்துவிடும். சுருங்கிவிட்ட திருநெல்வேலியும் வேலூரும் பழைய மாவட்டத்தின் எண்ணையே ஏற்று, சரியானவை போலவே நிறம் பெறும். ஆகவே 2011 எண்ணுக்கு 2011 எல்லைக் கோப்பே வேண்டும். ‘Kanniyakumari’, ‘Kanyakumari’ என எழுத்துவேறுபாடு இருந்தாலும் இணைப்பு அறுந்துபோகும் என்பதால், பெயரைவிட மாவட்டக் குறியீட்டு எண்ணைக் கொண்டு இணைப்பது பாதுகாப்பானது.

ஒரு மாவட்டத்துக்கு ஒரே நிறம் என்பதால் உள்ளே உள்ள ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் அடங்கிய தோவாளை வட்டத்தையும் நெருக்கமான கடலோர ஊர்களையும் 1,111 என்ற சராசரி ஒன்றாக்கிவிடுகிறது. அந்த வேறுபாடே பேச்சின் பொருளானால், மாவட்டப் படத்தில் அதைத் திணிக்காமல் வட்ட அளவிலான எண்களோடு இன்னொரு ஸ்லைடு வரைய வேண்டும். அதற்கு நிறப்படிகளையும் புதிதாக வகுக்க வேண்டியிருக்கும்.