பாட்டு எப்போ தொடங்கும்? ஆலாபனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கச்சேரியில் பாடகர் 'த, த, ரி, நா' என்று இழுக்கிறார். மிருதங்கம் சும்மா இருக்கிறது. 15 நிமிஷம் ஆகியும் பாட்டு வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் தலையாட்ட, நம் கை மொபைலைத் தேடுகிறது.

உண்மையில் இசை எப்போதோ தொடங்கிவிட்டது. வார்த்தையோ தாளமோ இல்லாமல், ஒரு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவதுதான் ஆலாபனை. கல்யாணி ராகத்தை வைத்தே பார்க்கலாம். 'ஜனனி ஜனனி' பாடல் தெரியும்தானே? அந்த ராகம்தான்.

முதல் சில நொடிகள்

முதலில் தம்பூராவின் 'ச'வைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா தூரமும் அங்கிருந்துதான் அளக்கப்படுகிறது. நல்ல பாடகர் முதல் ஓரிரு பிடிகளிலேயே 'இது கல்யாணி' என்று சொல்லிவிடுவார். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம்: 'ம'. சங்கராபரணத்தில் அது 'க'வை ஒட்டி நிற்கும். கல்யாணியில் மேலே ஏறி 'ப'வை ஒட்டி நிற்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. கல்யாணியில் 'ச', 'ப' இரண்டையும் தாண்டி, 'க ம த நி' என்று போகும் பிடிகள் அடிக்கடி வரும்.

படிப்படியாக மேலே

அடுத்து, பாடகர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். கொஞ்ச நேரம் எல்லாப் பிடிகளும் 'க'வில் வந்து முடியும். பிறகு 'ப', அப்புறம் 'நி' என்று தங்குமிடம் மேலே நகரும். மேல் 'ச' வந்தாச்சு என்று நாம் நினைக்கும்போது, அதைத் தொடாமல் 'நி'யிலேயே சுற்றுவார். நம் காது 'ச'வுக்கு ஏங்கும். கடைசியில் அங்கே போய் நீளமாக நிற்கும்போதுதான் அரங்கில் கைதட்டல். அதன்பின் மேல் 'க' வரை போய், வேகமான பிருகாக்களோடு கீழே இறங்கி, ஆரம்பித்த 'ச'வில் முடிப்பார்.

இந்த வரிசை கட்டாயம் இல்லை. சிலர் மேல் 'ச'விலேயே ஆரம்பிப்பார்கள். ஆனாலும், தங்குமிடம் மாறுவதைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது.

வயலின் என்ன செய்கிறது?

பாடகர் பாடும்போது வயலின் அரை அடி பின்னால் நிழல்போல வரும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அந்தப் பிடியை நீட்டிப் பிடிக்கும். அவர் முடித்ததும் அதே ராகத்தைத் தனியாக, பெரும்பாலும் சுருக்கமாக வாசிக்கும். கேட்பவருக்கு இது ஒரு ரிவிஷன் மாதிரி.

எங்கே சறுக்கும்?

தங்குமிடம் நகராமல் அதே பிடிகள் திரும்பத் திரும்ப வந்தால், ஆலாபனை நீள்கிறதே தவிர வளரவில்லை. நிற்காமல் பிருகாவாகவே கொட்டினாலும் ராகத்தின் முகம் தெரியாது. உங்களுக்கு போர் அடித்தால் அது எப்போதும் உங்கள் தவறு அல்ல.

அடுத்த முறை ஒன்றை மட்டும் முயன்று பாருங்கள்: மேல் 'ச' எப்போது வரும் என்று காத்திருங்கள்.